கோயில் பஞ்சாங்கச் செயலியின் month_start ஃபங்ஷனைக் கையில் எடுப்பவருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா, நிரலுக்குள் சென்னையின் அட்சரேகை எழுதியிருக்கிறது. நம் கோயில்களெல்லாம் மொரிசியஸில்தானே இருக்கின்றன? போர்ட் லூயிஸ் என்று திருத்திவிடட்டுமா?

வேண்டாம். நான் விட்டுச்செல்லும் நிரலில் நீங்கள் கை வைக்கக் கூடாத வரி ஒன்று உண்டென்றால் அது இதுதான். பார்த்ததும் தவறு போலத் தெரியும். நல்ல நிரலாளர் யாருக்கும் அதைத் திருத்தத்தான் கை போகும். அதனால்தான் மற்ற எதையும்விட இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

```python
# மாதப் பிறப்புக்கு மட்டும் சென்னை. தினசரி நேரங்களுக்கு அல்ல.
REF = Place(lat=13.08, lon=80.27, tz="Asia/Kolkata")

def month_start(sankranti_utc):
    t = sankranti_utc.astimezone(ZoneInfo(REF.tz))
    if t < sunset_at(REF, t.date()):
        return t.date()
    return t.date() + timedelta(days=1)
```

இது செய்யும் வேலை சின்னது. சூரியன் ஒரு ராசியை விட்டு அடுத்த ராசிக்குள் நுழையும் கணம் சங்கிராந்தி. அது சூரியன் மறையும் முன் நடந்தால் அன்றைக்கே தமிழ் மாதம் பிறக்கிறது. மறைந்த பிறகு நடந்தால் மறுநாள் பிறக்கிறது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்களின் வழக்கம் இது. கேரளத்தில் எல்லை அஸ்தமனம் அல்ல, பகல்பொழுதை ஐந்தாகப் பிரித்து மூன்று பங்கு முடியும் நேரம். இணையத்தில் கிடைக்கும் நிரல் எதையாவது எடுத்து ஒட்டுவதற்கு முன் அது எந்த ஊர் வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்று பாருங்கள்.

இனிக் கேள்வி, யாருடைய அஸ்தமனம் என்பது. சங்கிராந்தி உலகம் முழுவதற்கும் ஒரே கணம். அஸ்தமனம் ஊருக்கு ஊர் வேறு. நமது செயலியைப் பயன்படுத்தும் கோயில்களின் குழுக்கள் கூடிப் பேசி, மாதப் பிறப்பு தமிழ்நாட்டில் அச்சாகும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். குருக்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள், கையில் இருப்பது அங்கே அச்சான புத்தகம். செயலி ஒரு நாளும் புத்தகம் ஒரு நாளும் சொன்னால் ரோஸ் ஹில்லில் ஒரு நாள், குவாத்ர் போர்னில் மறுநாள் என்று பொங்கல் பிரிந்துவிடும். இருக்கும் ஊரின் அஸ்தமனத்தை எடுப்பதும் சாஸ்திரப்படி நியாயமான வாதமே, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முடிவு அவர்களுடையது. சென்னை என்ற அந்த வரி அந்த முடிவின் பதிவு.

மாற்றினால் உண்மையில் என்ன கெடும்? ஒரு உதாரணம் காட்டுங்களேன்.

2019 பொங்கலை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மகர சங்கிராந்தி ஜனவரி 14, இந்திய நேரப்படி இரவு சுமார் 7.50. சென்னையில் அன்று சூரியன் 6 மணியளவில் மறைந்துவிட்டது. சங்கிராந்தி அதற்குப் பிறகு என்பதால் தை பிறந்தது மறுநாள், ஜனவரி 15. தமிழ்நாடு முழுவதும் பொங்கல் அன்றுதான்.

இப்போது அதே கணத்தை மொரிசியஸ் கடிகாரத்தில் பாருங்கள். நாம் இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். ஆகவே அது இங்கே மாலை சுமார் 6.20. ஜனவரி நமக்கு நடுக்கோடை, போர்ட் லூயிஸில் சூரியன் மறைவது ஏறக்குறைய 6.55க்கு. அதாவது சங்கிராந்தியின்போது இங்கே வெயில் இன்னும் இருந்தது. REFஐப் போர்ட் லூயிஸாக மாற்றினால் ஃபங்ஷன் ஜனவரி 14 என்று சொல்லும். நிரல் முறிந்து நிற்காது, பிழைச்செய்தி வராது. ஒரு நாள் முந்திய தேதியைத் தயக்கமில்லாமல் கொடுக்கும். அதை நம்பிப் பொங்கல் நினைவூட்டல் எல்லா வீடுகளுக்கும் போய்விடும்.

தை 1 ஒரு நாள் நகர்ந்தால் அந்த மாதத்தின் எல்லாத் தமிழ்த் தேதிகளும் சேர்ந்தே நகரும் என்பதையும் மறக்க வேண்டாம். தை 5இல் திருமணம் என்று பத்திரிகையில் அச்சடித்தவர் செயலியைத் திறந்தால் தை 6 என்று காட்டும்.

நான் போர்ட் லூயிஸ் என்று மாற்றி டெஸ்ட் ஓட்டிப் பார்த்தேன். 2024, 2025, 2026 பொங்கல் மூன்றுமே சரியாக வந்தனவே?

வரத்தான் செய்யும். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

2024இல் சங்கிராந்தி இந்திய நேரப்படி ஜனவரி 15 அதிகாலை 2.54. 2025இல் ஜனவரி 14 காலை 9.03. 2026இல் ஜனவரி 14 பிற்பகல் 3.13. இந்த மூன்றிலும் சென்னையைக் கேட்டாலும் போர்ட் லூயிஸைக் கேட்டாலும் பதில் ஒன்றே. இரண்டு ஊரும் வேறு பதில் சொல்வது, சென்னையில் சூரியன் மறைந்து போர்ட் லூயிஸில் இன்னும் மறையாத அந்த இடைவெளிக்குள் சங்கிராந்தி விழும்போது மட்டும். ஜனவரியில் அந்த இடைவெளி ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஜூனில், அதாவது ஆனி பிறக்கும் சமயத்தில், நமக்குக் குளிர்காலம் என்பதால் சூரியன் சீக்கிரம் மறைகிறது, இடைவெளி அரை மணி நேரமாகச் சுருங்குகிறது.

சங்கிராந்தி ஆண்டுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் தள்ளிப்போகிறது. நான்கு ஆண்டில் ஒரு சுற்று சுற்றி ஏறக்குறைய பழைய நேரத்துக்கே வந்து நிற்கும், ஆனால் அரை மணிக்கும் மேலாக நகர்ந்திருக்கும். இப்படியே நகர்ந்து, 2027இல் மகர சங்கிராந்தி போர்ட் லூயிஸ் அஸ்தமனத்தையும் தாண்டிவிடுகிறது. அப்போதும் இரண்டு ஊரும் ஜனவரி 15 என்றே சொல்லும். ஆகவே பொங்கலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மாற்றம் சரி என்றே நம்பிவிடுவீர்கள். பிறகு கார்த்திகையோ மாசியோ பிறக்கும் ஒரு நாளில் மாட்டிக்கொள்ளும். அதற்குள் அந்த கமிட்டை எழுதியது யார், ஏன் என்பதே யாருக்கும் நினைவிருக்காது.

அதனால் கீழே உள்ள டெஸ்டை எந்தக் காரணத்துக்காகவும் நீக்காதீர்கள். மற்ற ஆண்டுகளுக்கு நூறு டெஸ்ட் எழுதினாலும் இந்த ஒன்றின் வேலையை அவை செய்யாது.

```python
def test_pongal_2019():
    s = datetime(2019, 1, 14, 14, 22, tzinfo=timezone.utc)
    assert month_start(s) == date(2019, 1, 15)
```

அப்படியானால் ராகு காலம், சூரிய உதயம் எல்லாமே சென்னைப்படிதான் கணக்காகிறதா?

இல்லை, அவை முழுக்க முழுக்கப் போர்ட் லூயிஸ். ஒரே நிரலுக்குள் இரண்டு ஊர் இருப்பதுதான் புதியவரைக் குழப்பும். மாதம் எந்த நாளில் பிறக்கிறது என்பது ஊர்கள் சேர்ந்து எடுத்த முடிவு, அதனால் சென்னை. இன்றைக்கு ராகு காலம் எப்போது என்பது நம் தலைக்கு மேல் இருக்கும் சூரியனைப் பற்றியது, அதனால் போர்ட் லூயிஸ்.

அதே 2019 ஜனவரி 14 ஒரு திங்கட்கிழமை. இங்கே உதயம் சுமார் 5.42, அஸ்தமனம் சுமார் 6.56. பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 99 நிமிடம். திங்களுக்கு இரண்டாம் பங்கு என்பதால் ராகு காலம் 7.21 முதல் 9.00 வரை. நாட்காட்டியில் அச்சிட்டிருக்கும் 7.30 முதல் 9.00 என்பது உதயம் 6 மணி, பகல் 12 மணி நேரம் என்று வைத்துச் சொல்லும் பொதுக்கணக்கு. இரண்டும் வேறுபடுவதைப் பார்த்து யாராவது புகார் செய்தால் இதையே விளக்குங்கள்.

இந்தப் பகுதியில் ஒரே ஒரு குறியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். போர்ட் லூயிஸின் அட்சரேகை `-20.16`. அந்தக் கழித்தல் குறி தவறிப்போனால் நிரல் நம் தீவை வட கோளத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடும். ஜனவரி அஸ்தமனம் 6.55க்குப் பதிலாக 5.50 என்று வரும். கண்டுபிடிப்பது எளிது: டிசம்பரில் அஸ்தமனம் 6.50ஐ ஒட்டியும், ஜூனில் 5.40ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். இது தலைகீழாக வந்தால் குறி போய்விட்டது என்று பொருள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறி தவறிய நிலையில் யாராவது REFஐப் போர்ட் லூயிஸாக மாற்றினால், 5.50க்கு அஸ்தமனம், 6.20க்குச் சங்கிராந்தி என்று கணக்காகி 2019 டெஸ்ட் தேறிவிடும். இரண்டு தவறு ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். அதனால்தான் அஸ்தமனத்துக்கு மட்டும் தனியாக ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறேன்.

சங்கிராந்தி நேரம் எங்கிருந்து வருகிறது? அதை அப்படியே நம்பலாமா?

ஸ்விஸ் எஃபிமெரிஸ் நூலகத்திலிருந்து வருகிறது. சூரியனின் இருப்பிடத்தைத் தருவதில் அதை முழுமையாக நம்பலாம். ஆனால் எந்த அயனாம்சத்தில், அதாவது ராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளியை எங்கே வைக்கும் கணக்கில் கேட்கிறோம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது லாகிரி அயனாம்சத்தை எடுக்காது, மேற்கத்திய ஜோதிடர்கள் பயன்படுத்தும் ஃபேகன்-பிராட்லியை எடுத்துக்கொள்ளும்.

```python
swe.set_sid_mode(swe.SIDM_LAHIRI)
```

இந்த ஒரு வரி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று பார்த்துவிடுவோம். இரண்டு அயனாம்சத்துக்கும் இடையே ஏறக்குறைய 53 கலை வித்தியாசம், 60 கலை ஒரு பாகை. சூரியன் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு பாகைதான் நகர்கிறது, ஜனவரியில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆகவே சங்கிராந்தி ஏறக்குறைய 21 மணி நேரம் தள்ளிப்போகும். 2026இல் ஜனவரி 14 பிற்பகல் 3.13க்கு வர வேண்டியது 15 நண்பகலுக்கு வரும். தை 1 ஜனவரி 15 ஆகிவிடும். இதிலும் பிழைச்செய்தி எதுவும் வராது, வெறும் தவறான தேதி வரும்.

அந்த வரியை ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் திரும்பத் திரும்ப அழைப்பதைப் பார்த்து, ஒரு தடவை போதாதா என்று நினைப்பீர்கள். அந்த அமைப்பு ஃபங்ஷனுக்குரியது அல்ல, நூலகம் முழுவதற்கும் பொதுவானது. நிரலின் வேறொரு மூலையில் யாராவது வேறு அயனாம்சத்தைப் போட்டுவிட்டுத் திருப்பி வைக்காமல் போனால், அடுத்து ஓடும் நம் கணக்கு அதையே பிடித்துக்கொள்ளும். எது முதலில் ஓடியது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் பிழையைத் தேடிப் பிடிப்பது மிகவும் கடினம். ஆகவே அந்தத் திரும்பச் சொல்லலை அப்படியே விட்டுவிடுங்கள்.

தரவுத்தளத்தில் வசதியாக இருக்கும் என்பதால் மாதப் பிறப்பு நாளோடு நேரத்தையும் சேர்த்துச் சேமிக்க நினைக்கிறேன். பரவாயில்லையா?

செய்யாதீர்கள். `month_start` திருப்பித் தருவது வெறும் தேதி, அது கடைசிவரை வெறும் தேதியாகவே இருக்க வேண்டும்.

ஜனவரி 15 என்ற தேதியோடு நள்ளிரவு 12 மணியைச் சேர்த்து, REFஇன் டைம்ஸோனையும் சேர்த்தால் அது இந்திய நேரப்படி ஜனவரி 15 நள்ளிரவு ஆகிவிடும். அதை மொரிசியஸ் நேரத்துக்கு மாற்றியதும் ஜனவரி 14 இரவு 10.30. திரையில் தேதியை மட்டும் காட்டினால் ஜனவரி 14. கணக்கெல்லாம் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசி அடியில் ஒரு நாளைத் தொலைத்திருப்போம்.

உலாவியிலும் இதே வலை இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் `new Date("2026-01-14")` என்று எழுதினால் அது யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். மொரிசியஸில் அது காலை 4 மணி, ஆகவே தேதி மாறாமல் சரியாகத் தெரியும். நீங்கள் இங்கே உட்கார்ந்து எத்தனை முறை சோதித்தாலும் பிழை கண்ணில் படாது. மொன்ட்ரியாலில் இருக்கும் உறவினர் அதே பக்கத்தைத் திறந்தால் 13 என்று தெரியும். தேதியை எழுத்துச்சரமாகவே அனுப்பி, எழுத்துச்சரமாகவே பிரித்துக் காட்டுங்கள்.

அவ்வப்போது needs_review என்று மின்னஞ்சல் வருகிறது. ஃபங்ஷன்தான் பதில் சொல்லிவிட்டதே, இதை நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சங்கிராந்திக்கும் சென்னை அஸ்தமனத்துக்கும் இடையே அரை மணி நேரத்துக்குள் வந்தால் மட்டுமே அந்த மின்னஞ்சல் கிளம்பும். ஆண்டு முழுவதும் பார்த்தால் மிக அரிது.

அரை மணி என்ற எல்லைக்குக் காரணம் உண்டு. ஒரு கலை வித்தியாசம் என்றால் நேரத்தில் சுமார் 24 நிமிடம். லாகிரி என்ற பெயரிலேயே சிறிது வேறுபடும் கணக்குகள் புழக்கத்தில் இருக்கின்றன. அஸ்தமனமும் அப்படித்தான்: சூரிய வட்டின் மேல்விளிம்பு மறைவதை எடுப்பதா, நடுவை எடுப்பதா, காற்றில் ஒளி வளைவதைச் சேர்ப்பதா என்பதைப் பொறுத்துச் சில நிமிடம் மாறும். இவ்வளவு நெருக்கத்தில் ஃபங்ஷன் சொல்லும் பதில் ஒரு கணிப்புதான், தீர்ப்பு அல்ல.

மின்னஞ்சல் வந்தால் செய்ய வேண்டியது இது. அந்த ஆண்டின் அச்சுப் பஞ்சாங்கத்தைப் புரட்டி மாதப் பிறப்பு எந்த நாள் என்று பாருங்கள். குருக்கள் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபங்ஷன் சொன்னதோடு ஒத்துப்போகாவிட்டால் `overrides.csv` கோப்பில் ஒரு வரி சேருங்கள். யார் சொன்னார், எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். கணக்கை வளைத்துப் பதிலைச் சரிக்கட்ட முயலாதீர்கள். ஒரு மாதத்தைச் சரிசெய்யப் போய் ஓசைப்படாமல் வேறு மாதங்களைக் கெடுத்துவிடும்.

எங்கள் குருக்கள் வைத்திருப்பது வாக்கியப் பஞ்சாங்கம். உங்கள் செயலி வேறு நேரம் காட்டுகிறதே, எது சரி?

கோயில் நிர்வாகிகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி என்பதால் நீங்களும் பதில் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களை வைத்துக் கணிப்பது. திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்றைய வானியல் கணக்குகளைக் கொண்டு திருத்தப்பட்டது. நம் செயலி திருக்கணித வழி. திதி, நட்சத்திரம் தொடங்கி முடியும் நேரங்கள் இரண்டிலும் சில சமயம் மணிக்கணக்கில் வேறுபடும். மாதப் பிறப்பு பெரும்பாலும் ஒரே நாளில் வந்துவிடும்.

எது சரி என்ற வாதத்தில் நாம் இறங்க வேண்டியதில்லை. வாக்கியத்தைப் பின்பற்றும் கோயிலுக்கு அவர்கள் குருக்கள் சொல்வதே இறுதி. அவர்களுக்குத் தனி `overrides` கோப்பு வைக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது.

தைப்பூசக் காவடி நாளையும் இந்த ஃபங்ஷனை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் அல்லவா?

கணக்கிடலாம், ஆனால் அதை நம்பி எதையும் வெளியிடக் கூடாது. மொரிசியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. பள்ளி, அலுவலகம், பேருந்து எல்லாம் அரசு அறிவிக்கும் நாளை வைத்துத்தான் நடக்கின்றன. 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1 என்று அறிவித்த நாட்கள் `holidays.csv` கோப்பில் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வந்ததும் நீங்கள் சேர்க்க வேண்டும்.

கொடியேற்றமும் பத்து நாள் விரதமும் அந்த அறிவித்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகின்றன. `month_start` அதில் நுழையவே நுழையாது. யாராவது இரண்டையும் இணைக்க விரும்பினால் தடுங்கள். கோர் த கார்ட் மலைக்கோயிலுக்குக் காவடி எடுக்கிறவர் விரதத்தை எந்த நாளில் தொடங்குவது என்று நம் செயலியைப் பார்த்து முடிவு செய்கிறார். அங்கே ஒரு நாள் பிசகுவதைச் சாதாரணப் பிழை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

பிறந்த நட்சத்திரம் தேடும் பக்கத்தில் மொரிசியஸ் நேரத்துக்கு ஏன் நேரடியாக 4 மணியைக் கழிக்கவில்லை? நம் நேரம் எப்போதும் யுடிசி+4தானே?

எப்போதும் இல்லை. 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை மொரிசியஸ் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தது. அந்தக் கோடையில் நாம் யுடிசி+5. அடுத்த ஆண்டு அது தொடரவில்லை. 1982 அக்டோபரிலிருந்து 1983 மார்ச் வரையும் இதேபோல் நடந்தது.

2009 ஜனவரியில் ஒரு குழந்தை நள்ளிரவு தாண்டி 12.30க்குப் பிறந்தது என்று வையுங்கள். மருத்துவமனைச் சீட்டில் அந்த நேரம்தான் இருக்கும். யுடிசியில் அது முந்தைய நாள் 19.30. நான்கைக் கழித்தால் 20.30 என்று வரும். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது, ஒரு பாதத்துக்கு ஆறு மணி நேரம். ஒரு மணி நேரம் தவறினால் அந்தக் கோடையில் பிறந்தவர்களில் சுமார் ஆறில் ஒருவருக்குப் பாதம் மாறும், இருபத்துநாலில் ஒருவருக்கு நட்சத்திரமே மாறும். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் வயதில் அது பெரிய விஷயம். `ZoneInfo("Indian/Mauritius")` இதையெல்லாம் அறிந்து வைத்திருக்கிறது. எண்ணைக் கையால் எழுதாமல் அதையே பயன்படுத்துங்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் இந்த ஃபங்ஷனைச் சுத்தமாகத் திருப்பி எழுத ஆசையாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்கட்டும்?

எழுதுங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் முதல் வேலை எழுதுவது அல்ல. இப்போதைய நிரலை 1950 முதல் 2050 வரை ஓட்டி, எல்லா மாதப் பிறப்புகளையும் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். 101 ஆண்டு, 1,212 வரி. அந்தக் கோப்பைக் களஞ்சியத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

புதிய நிரல் தயாரானதும் அதே வரம்புக்கு ஓட்டி இரண்டு கோப்பையும் ஒப்பிடுங்கள். ஒரு வரி வேறுபட்டாலும் அந்த மாதத்தின் சங்கிராந்தி நேரம், சென்னை அஸ்தமனம், போர்ட் லூயிஸ் அஸ்தமனம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபட்டவை பெரும்பாலும் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையே குவிந்திருந்தால் எங்கோ போர்ட் லூயிஸ் உள்ளே வந்துவிட்டது. ஆண்டு முழுவதும் ஏராளமான மாதங்கள் ஒரு நாள் பிந்தியிருந்தால் அயனாம்சம் மாறிவிட்டது. எல்லா மாதங்களுமே ஒரு நாள் முந்தியிருந்தால் தேதியோடு யாரோ நேரத்தை ஒட்டிவிட்டார்கள். எங்கே தேட வேண்டும் என்பதை வேறுபாட்டின் வடிவமே சொல்லிவிடும்.

நாளைக்குக் கோயில்களே கூடி, இனி மொரிசியஸ் அஸ்தமனத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தால்?

அப்போது மாற்றத்தான் வேண்டும். சென்னைதான் புனிதம் என்று நான் சொல்லவரவில்லை. முடிவு எழுத்தில் வரட்டும், எந்த ஆண்டுச் சித்திரை 1 முதல் நடைமுறைக்கு வருகிறது என்பதும் அதில் இருக்கட்டும். வாய்மொழியாக ஒருவர் சொன்னார் என்பதற்காகத் தொடாதீர்கள்.

நிரலில் REFஐ அழித்து வேறொன்றை எழுதாமல், தேதியைப் பொறுத்து எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்கும்படி செய்யுங்கள். பழைய ஆண்டுகள் சென்னையிலேயே இருக்க வேண்டும். 2019இல் தை 1 ஜனவரி 15 என்று வைத்து நடந்த திருமணங்களும் அச்சிட்ட பத்திரிகைகளும் இருக்கின்றன. பழைய தேதியைத் தேடிப் பார்ப்பவருக்கு அன்றைக்கு வழக்கில் இருந்த நாளே தெரிய வேண்டும். புதிய விதிக்கு ஏற்றபடி 2019 டெஸ்டை மாற்றாதீர்கள், அதைப் பழைய விதிக்கான டெஸ்டாகவே வைத்துக்கொண்டு புதிய விதிக்கு வேறு ஆண்டில் ஒன்று எழுதுங்கள். இரண்டு அஸ்தமனங்களுக்கும் இடைப்பட்ட நேரத்தில் சங்கிராந்தி விழும் மாதமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

குழு எழுதிய பழைய முடிவின் நகல் களஞ்சியத்தில் `docs/mudivu.txt` என்ற கோப்பில் இருக்கிறது. புதியது வந்தால் அதற்குக் கீழேயே சேருங்கள்.